எண்ணிக்கை ஒரு பக்கம், எடை ஒரு பக்கம்

கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில், பில் பாஸிங் மேசையில் பல வருடம் இருந்தேன். சப்ளையர் அனுப்பும் ஒவ்வொரு இன்வாய்ஸும் பணமாக மாறுவதற்குமுன் அந்த மேசையைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவதற்கு மூன்று தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். முதலாவது, என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று நாங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர். இரண்டாவது, ஸ்டோர்ஸில் பொருளை வாங்கி வைத்ததும் போடும் ஜி.ஆர்.என். மூன்றாவது, சப்ளையரின் இன்வாய்ஸ். ஆபீஸில் இதை ‘த்ரீ வே மேட்ச்’ என்போம். புதிதாக வருகிற பையன்களுக்கு அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆர்டரில் உள்ள விலையும் இன்வாய்ஸில் உள்ள விலையும் ஒன்றா, ஜி.ஆர்.என்.-இல் உள்ள அளவும் இன்வாய்ஸில் உள்ள அளவும் ஒன்றா, அவ்வளவுதான்.

மூன்று தாளும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும்போதுதான் எனக்குச் சந்தேகம் வரும். அது ஏன் என்பதைச் சொல்ல வார்ப்பு இரும்பை விட்டால் வேறு நல்ல உதாரணம் இல்லை.

பம்பின் உடம்பு வார்ப்பு இரும்பு. தண்ணீர் சுழன்று வெளியேறும் கேசிங், உள்ளே சுழலும் இம்பெல்லர், தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் எல்லாமே ஊரைச் சுற்றியுள்ள ஃபவுண்டரிகளில் வார்த்து எங்களிடம் வரும். நாங்கள் கடைந்து, துளை போட்டு, பொருத்துவோம். இதில் வழக்கம் என்னவென்றால், எங்களுக்குத் தேவை எண்ணிக்கையில், ஃபவுண்டரிக்காரர் பில் போடுவது எடையில். அவர் உருக்கும் இரும்பும், கரியும், மின்சாரமும் கிலோக் கணக்கில்தான் செலவாகின்றன. அதனால் விலையும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். அசெம்பிளி லைனுக்கோ கிலோ என்றால் என்னவென்றே தெரியாது. இத்தனை கேசிங் வந்தால் இத்தனை பம்பு, அவ்வளவுதான் அங்கே கணக்கு.

ஆக ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகள். ஆர்டரில் எண்ணிக்கையும் கிலோ விலையும் இருக்கும். இன்வாய்ஸில் எண்ணிக்கையும் இருக்கும், மொத்த எடையும் இருக்கும், ஆனால் பெருக்கிய தொகை எடையிலிருந்து வந்ததாக இருக்கும். இரண்டையும் கட்டிப்போட ஆர்டரின் நிபந்தனைகளில் ஒரு வரி உண்டு. ஒரு வார்ப்புக்கு நிர்ணய எடை இவ்வளவு, அதற்குமேல் 3 சதவீதம்வரை ஏற்போம், அதைத் தாண்டிய எடைக்குப் பணம் கிடையாது. அந்த வரி ஆர்டரின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பில் பாஸ் செய்கிறவர்களில் பாதிப் பேர் தாளைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் அப்படி ஒரு வரி? வார்ப்பு கனமாக வந்தால் ஃபவுண்டரிக்கு நஷ்டமில்லை, எங்களுக்குத்தான். ஈரமணலை இறுக்கி அச்சு செய்கிறார்கள். இறுக்கம் போதாமல் இருந்தால், ஊற்றிய இரும்பின் அழுத்தத்தில் மணல் சுவர் வெளிப்பக்கமாக நகர்ந்துவிடும். வார்ப்பு வீங்கிவரும். சுவர்த் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். ஃபெட்லிங் சரியாகச் செய்யாமல், இரும்பு ஓடிவந்த வாய்க்கால் மிச்சத்தையும் ஓரத்துப் பிசிறையும் விட்டுவிட்டாலும் எடை கூடும். அந்த அதிக எடைக்கு ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கி, அதையே லேத்தில் சீவித் தூள் ஆக்க இன்னொரு தடவை செலவு செய்வோம்.

இனி அந்த பில். வால்யூட் கேசிங், எஃப்.ஜி.200 தர வார்ப்பு, 240 எண்ணம். நிர்ணய எடை ஒன்றுக்கு 8.60 கிலோ. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விலையைக் கிலோ 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபவுண்டரியின் இன்வாய்ஸில் 240 எண்ணம், 2,160 கிலோ, 2,16,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 38,880, ஆக மொத்தம் 2,54,880. எங்கள் ஜி.ஆர்.என்.-இல் 240 எண்ணம், 2,160 கிலோ. ஆர்டரில் 240 எண்ணம். மூன்றும் ஒன்று. க்யூ.சி. ரிப்போர்ட்டும் வந்திருந்தது: ஊதுதுளைக்காக 9 ரிஜெக்ட், ஏற்றது 231. பர்ச்சேஸ் பிரிவிலிருந்து அவசரம் வேறு. ஒன்பது வார்ப்புக்கான எடையைக் கழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

பில்லோடு பின் அடித்திருந்த எடைச் சீட்டுதான் இடித்தது. வண்டி உள்ளே வந்தபோது 4,960 கிலோ, இறக்கிவிட்டு வெளியே போனபோது 2,810. நிகரம் 2,150. எங்கள் எடை மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், ஆகவே 2,160-க்கும் 2,150-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. அதைச் சண்டைக்கு எடுத்துப் போனால் சிரிப்பார்கள். என்னை உறுத்தியது வேறு. ஜி.ஆர்.என். போடுகிறவர் எடை மேடைச் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தால் 2,150 என்றல்லவா எழுதியிருப்பார்? இன்வாய்ஸோடு ஒத்துப்போன ஜி.ஆர்.என்., எங்கள் சொந்த எடைச் சீட்டோடு ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால் அது எடை போட்டு எழுதியது இல்லை. இன்வாய்ஸைப் பார்த்து எழுதியது. எடையை இன்வாய்ஸைப் பார்த்து எழுதியவர் எண்ணிக்கையை மட்டும் எண்ணியிருப்பாரா?

ஸ்டோர்ஸுக்கு நடந்து போனேன். நல்லவேளையாகச் சரக்கு இன்னும் மெஷின் ஷாப்புக்குப் போகவில்லை. ஸ்டோர்ஸ்காரர் என்னைவிட மூத்தவர், பழகிய மனிதர்.

“அண்ணா, இந்தக் கேசிங்கை எண்ணித்தானே போட்டீங்க?”

“எண்ணாமெ என்னங்க. இருபது இருபதா பன்னெண்டு அடுக்கு, பாருங்க.”

பன்னிரண்டு அடுக்கு இருந்தது உண்மை. கடைசி அடுக்கில் பதினாறுதான் இருந்தது, க்யூ.சி. தனியே எடுத்து வைத்த ஒன்பதும் அந்தந்த அடுக்கின் பக்கத்திலேயே சிவப்புப் பெயின்ட் அடித்துக் கிடந்தது, அதையும் சேர்த்து எண்ணியாயிற்று. மொத்தம் 236.

அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நாங்கள் வைத்திருந்த முறை அப்படி. எங்கள் கம்பெனியில் SAP. சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் `MIGO` திரையைத் திறந்து ஆர்டர் எண்ணைக் கொடுத்தால், அந்த ஆர்டரில் இன்னும் வரவேண்டிய அளவு தானாகவே முன்னால் வந்து நிற்கும். இந்த ஆர்டருக்கு அது 240. இன்வாய்ஸிலும் 240 என்று இருக்கிறது. ‘Item OK’ என்கிற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. எடைக்கான இடத்தில் மட்டும் கையால் எழுத வேண்டும். பக்கத்தில் இன்வாய்ஸ் திறந்து கிடக்கிறது. வெளியே இன்னும் மூன்று வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யாராக இருந்தாலும் டிக்தான் போடுவார்கள்.

க்யூ.சி.யின் 231-ம் எண்ணி வந்ததில்லை. அவர்கள் ரிஜெக்ட் ஆன ஒன்பதை எண்ணினார்கள், திரையில் இருந்த 240-இலிருந்து கழித்தார்கள். உண்மையில் ஏற்ற வார்ப்பு 227.

பிறகு ஃபவுண்டரியில் விசாரித்தபோதுதான் விஷயம் முழு வட்டமாகத் தெரிந்தது. அவர்கள் எடையை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். எண்ணிக்கையை மட்டும், இன்வாய்ஸ் போடும் பெண் எங்கள் டெலிவரி ஷெட்யூலைப் பார்த்து அடித்திருந்தார். நாங்கள் கேட்டது 240, அதனால் இன்வாய்ஸிலும் 240. அதாவது அந்த எண் எங்கள் பர்ச்சேஸ் பிரிவில் பிறந்து, ஃபவுண்டரிக்குப் போய் இன்வாய்ஸில் ஏறி, எங்கள் கேட்டுக்குள் திரும்பி வந்து ஜி.ஆர்.என்.-இல் ஏறி, க்யூ.சி.யில் ஒன்பது குறைந்து, என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் ஓரிடத்தில்கூட யாரும் வார்ப்புகளைத் தொட்டு எண்ணவில்லை. மூன்று தாள் ஒத்துப்போனதற்குக் காரணம் மூன்றும் ஒரே தாளின் நகல் என்பதுதான்.

ஃபவுண்டரிக்குச் சொல்வதற்குமுன் எடையையும் பார்த்துவிடலாம் என்று இருபது வார்ப்பை எடுத்துத் தரையிலிருந்த பிளாட்பாரத் தராசில் வைத்தோம். 182.3 கிலோ. ஒன்றுக்கு 9.115. நிர்ணய எடையைவிட ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். இங்கே ஒரு சின்ன வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்: எடை மேடையின் 2,150-ஐ 9.115-ஆல் வகுத்தால் 235.9. அடுக்கை எண்ணாமலே 236 என்று வந்துவிட்டது. பெரிய லோடை முழுக்க எண்ண ஆள் இல்லாதபோது இந்த வழி கைகொடுக்கும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. எங்கள் மேடையின் ஒரு படி பத்துக் கிலோ. கேசிங் ஒன்றும் ஏறத்தாழ அதே எடை. அதனால் இந்தக் கணக்கில் ஒன்று கூடக் குறையத் தெரியாது, நான்கு குறைந்தால் தெரியும். ஒரு கிலோகூட இல்லாத இம்பெல்லர் லோடில் இதைச் செய்தால், ஒரு படிக்குள் பத்துக்கும் மேற்பட்ட உருப்படி ஒளிந்துகொள்ளும். அங்கே சிறிய தராசில் பெட்டி பெட்டியாக நிறுத்துத்தான் தீர வேண்டும்.

சராசரி எடையை இன்வாய்ஸை வைத்தே பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். பார்த்தால் 2,160-ஐ 240-ஆல் வகுக்க, சரியாக 9.00 வரும். கொஞ்சம் கனம் என்று தோன்றுமே தவிர, எண்ணிக்கை குறைவு என்று தோன்றாது. குறைந்த எண்ணிக்கையும் கூடிய எடையும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டன. எடையை மட்டும் பார்க்கிறவர் எல்லாம் சரி என்பார். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு நான்கு வார்ப்புக் குறைவு தெரியும், ஆனால் அவர் அதைப் பணமாகக் கணக்கிடும்போது ஒன்றுக்கு 9.00 என்று தவறாகக் கழிப்பார்.

ஆர்டரின் பின்பக்க வரியின்படி, ஒரு வார்ப்புக்குப் பணம் கொடுக்கக்கூடிய உச்ச எடை 8.60-உம் அதன் 3 சதவீதமும், அதாவது 8.858 கிலோ. ஏற்ற 227 வார்ப்புக்கு 2,010.77 கிலோ. கிலோ 100 ரூபாய் வீதம் 2,01,077 ரூபாய். இன்வாய்ஸின் 2,16,000-இலிருந்து 14,923 ரூபாய் குறைவு. இந்தத் தொகையைப் பிரித்துக் காட்டாவிட்டால் ஃபவுண்டரிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. வராத நான்கு வார்ப்புக்கு 3,543. திருப்பி அனுப்பும் ஒன்பதுக்கு 7,972. மிச்சம் 3,408 ரூபாய் கூடுதல் எடைக்கு. இன்வாய்ஸின் 2,160 கிலோவில், 240-ஐ 8.858-ஆல் பெருக்கி வரும் 2,125.92 கிலோவைத் தாண்டிய 34.08 கிலோ அது.

ஃபவுண்டரி முதலாளிக்கு நானே போன் செய்தேன். நாலு குறைவு என்றதும் உடனே ஒப்புக்கொண்டார். ஒன்பது ரிஜெக்டுக்கும் தகராறு இல்லை, அவை திரும்பிப் போய் உலையில் விழும். எடையில்தான் பிடித்தார்.

“ஏனுங்க சார், இரும்பு உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்குது? நானென்ன காத்தையா நிறுத்துப் போட்டேன்?”

“வந்ததுங்க. ஆனா எங்களுக்கு எட்டரைக் கிலோச் சில்லறைல கேசிங் போதுமுங்களே. மிச்சத்தை நாங்க சீவித்தானே போடறோம்.”

“பேட்டர்ன் உங்களுதுங்க. நீங்க குடுத்த பேட்டர்ன்லதான் வார்க்கறேன். பேட்டர்ன் கனமா இருந்தா எம்மேல என்ன தப்புங்க?”

இது நியாயமான கேள்வி. பில் பாஸிங்கில் இருப்பவர்களுக்கு, ஆர்டர்தான் வேதம், சப்ளையர்தான் எப்போதும் தப்பு என்று ஒரு மனப்பான்மை படிந்துவிடும். ஆர்டரும் தப்பாக இருக்கும். டிசைன் பிரிவில் கசிவை நிறுத்துவதற்காகச் சுவரைக் கொஞ்சம் தடித்து வரைபடத்தை மாற்றியிருப்பார்கள், பேட்டர்னும் திருத்தப்பட்டிருக்கும், ஆர்டரில் நிர்ணய எடை மட்டும் பழையபடியே கிடக்கும். அப்போது ஃபவுண்டரிக்காரர் சரியாக வார்த்ததற்கே ஒவ்வொரு லோடிலும் பணம் பிடிப்போம். எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரு வழி, அதே வார்ப்பைச் செய்யும் இன்னொரு ஃபவுண்டரியின் எடையைப் பார்ப்பது. இரண்டு பேரிடமிருந்தும் கனமாக வந்தால் ஆர்டரைத் திருத்த வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவருடைய மணலையும் அச்சையும் பார்க்க வேண்டும்.

அதே கேசிங், அதே வரைபடம், நாங்கள் கொடுத்த இன்னொரு ஜோடிப் பேட்டர்னில் வேறொருவர் வார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கடைசி சில லோடுகளின் சராசரி 8.65-ஐ ஒட்டி இருந்தது. அது மட்டும் போதாது, அவருடைய பேட்டர்ன் வேறு என்று இவர் சொல்லலாம். அதனால் ரிஜெக்ட் ஆன ஒன்றைக் குறுக்கே அறுத்துத் தரச் சொன்னேன். வரைபடத்தில் 8 மில்லிமீட்டர் என்றிருந்த சுவர் அரை மில்லிமீட்டருக்கும் அதிகமாகத் தடித்திருந்தது. தடிப்பு முழுக்க வெளிப்பக்கத்தில்; உள்ளே கோர் இருந்த பக்கம் அளவு சரியாக இருந்தது. பேட்டர்ன் தப்பாக இருந்தால் தடிப்பு ஒரே சீராக இருந்திருக்கும். இது அடிப்பக்கம் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தது, இரும்பின் அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே மணல் நகர்ந்திருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினோம். அவருக்கு அவருடைய தொழிலை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. “மோல்டிங் ஆள் புதுசுங்க” என்று மட்டும் சொன்னார்.

பேசித் தீர்த்தாலும் எழுத்தில் போக வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு, இது பல ஆபீஸ்களில் தெரியாமலே இருக்கிறது. சிறு, குறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பேசிய தேதிக்குள் கொடுக்க வேண்டும். என்ன பேசியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். ஏற்ற நாள் என்றால் எது? சரக்கு வந்து சேர்ந்த நாளேதான். வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் மட்டும், அந்த ஆட்சேபத்தைச் சப்ளையர் தீர்த்து வைத்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். போனில் கத்தியது ஆட்சேபம் ஆகாது. ஜி.ஆர்.என். போடத் தாமதமானது, க்யூ.சி. பார்க்க நேரமில்லை என்பதெல்லாம் நம் வீட்டு விவகாரம். கடிகாரம் கேட் ரிஜிஸ்டரில் வண்டி பதிவான நாளிலிருந்து ஓடுகிறது. தாமதித்தால் வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி இறுகிவிட்டது: சிறு, குறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம்.

அதனால் தகராறான பில் என்று மொத்தத்தையும் நிறுத்தி வைப்பது சரியல்ல என்பது என் கட்சி. எங்கள் ஆபீஸில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். `MIRO` திரையில் இன்வாய்ஸ் பதிவாகும்போது அளவோ விலையோ இடித்தால் SAP அந்த பில்லுக்கு `R` என்று ஒரு தடை போடும்; `MRBR`-இல் போய் யாராவது விடுவிக்கும்வரை ஒரு ரூபாய்கூட நகராது. சின்னத் தகராறுக்காகப் பெரிய பில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த ஃபவுண்டரியில் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும் என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. இந்த பில்லுக்கு, வரியோடு சேர்த்து 2,37,270 ரூபாய் 86 காசைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, 17,609 ரூபாய் 14 காசுக்கு மூன்று காரணத்தையும் பிரித்து எழுதி டெபிட் நோட் அனுப்பினோம்.

வரியின் பக்கம் இன்னொரு முடிச்சு. இன்வாய்ஸில் 38,880 ரூபாய் ஜி.எஸ்.டி. என்று இருப்பதால், அவர் ரிட்டர்ன் போட்டதும் எங்கள் `GSTR-2B`-இல் முழுத் தொகையும் வந்து நிற்கும். அங்கே வந்துவிட்டதே என்று முழுவதையும் உள்வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தின் 16(2) பிரிவு, சரக்கைப் பெற்றிருந்தால்தான் கழிவு என்கிறது. வராத நான்கு வார்ப்புக்கு இன்வாய்ஸ் இருக்கிறது, சரக்கு இல்லை. திருப்பி அனுப்பும் ஒன்பதுக்கும் கூடுதல் எடைக்கும் நாங்கள் பணம் கொடுப்பதில்லை. ஆகவே கழிவு 36,193 ரூபாய் 86 காசுதான். மிச்சத்துக்கு ஃபவுண்டரிக்காரர் கிரெடிட் நோட் போட்டு, அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்டினால் அவருடைய வரிப் பொறுப்பும் குறையும். நாங்கள் அனுப்பும் டெபிட் நோட் எங்கள் கணக்குப் புத்தகத்துக்கு; வரியைக் குறைக்க அவருடைய கிரெடிட் நோட்தான் வேண்டும். அதை ஞாபகப்படுத்தி வாங்குவது பில் பாஸிங்கின் வேலை, இல்லையென்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இவ்வளவும் நடந்த இந்த பில்லை SAP தடுத்ததா? இல்லை. அது தடுத்திருக்கவும் முடியாது. SAP-இல் இதற்கான சல்லடைகள் நன்றாகவே இருக்கின்றன. விலை வித்தியாசத்துக்கு `PP`, அளவு வித்தியாசத்துக்கு `DQ`, எண்ணிக்கையில் ஆர்டர் போட்டு எடையில் விலை பேசும் எங்களைப் போன்றவர்களுக்கென்றே, ஒரு உருப்படிக்கு எடை எத்தனை சதவீதம் விலகலாம் என்று பார்க்க `BW`. ஆனால் இந்த `BW` ஒப்பிடுவது இன்வாய்ஸில் உள்ள எடையையும் ஜி.ஆர்.என்.-இல் உள்ள எடையையும். ஜி.ஆர்.என். எடை இன்வாய்ஸைப் பார்த்து எழுதியது என்றால் வித்தியாசம் எப்போதும் பூஜ்யம். சல்லடை எவ்வளவு நுணுக்கமாக இருந்தும் பயனில்லை.

சலுகை அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 3 சதவீதம்வரை ஏற்போம் என்று எழுதினால், சில சப்ளையர்களுக்கு அதுவே நிர்ணய எடையாகிவிடும். ஒரு லோடு கூடவும் ஒரு லோடு குறையவும் வந்தால் அது இயற்கையான விலகல். வருடம் முழுக்க எல்லா லோடும் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நின்றால், நம்முடைய எல்லை எது என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு பில்லாகப் பார்த்தால் இது ஒருநாளும் அகப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சப்ளையர்வாரியாக ஒரு வார்ப்பின் சராசரி எடையை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அகப்படும்.

அந்த பில்லுக்குப் பிறகு முறையை மாற்றினோம். மாற்றியது கம்ப்யூட்டரை அல்ல. கேட்டில் இன்வாய்ஸை செக்யூரிட்டி வாங்கி நேராகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். ஸ்டோர்ஸுக்குப் போவது, பொருளின் பெயரும் ஆர்டர் எண்ணும் மட்டும் அச்சிட்ட ஒரு சீட்டு. எண்ணிக்கைக் கட்டமும் எடைக் கட்டமும் காலியாக இருக்கும். இறக்கும்போது எண்ணி ஒருவர் நிரப்புவார், எடைக் கட்டத்தில் மேடைச் சீட்டின் எண் ஏறும், இருபது உருப்படியின் மாதிரி எடையும் ஏறும். அதைப் பார்த்துத்தான் `MIGO`-வில் அடிக்க வேண்டும். ஜி.ஆர்.என்.-இன் பின்னால் அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நான் பில்லைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸ் அண்ணனுக்குக் கோபம்.

“என்னை நம்பாமெத்தான இப்படிப் பண்றீங்க?”

“உங்களை நம்பறதாலதான் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன் அண்ணா. நம்பலைன்னா நானே நிரப்பிக் குடுத்திருப்பேன்.”

கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பழகிவிட்டது. வண்டி இறக்க முன்பைவிட நேரம் ஆகிறது என்று பர்ச்சேஸ் மேனேஜர் குறைப்பட்டது நியாயம்தான், நேரம் ஆகத்தான் செய்தது. நட்டு, போல்ட், வாஷர் மாதிரியான சில்லறைச் சாமான்களுக்கு இந்த முறையைக் கொண்டுவரவில்லை. அங்கே எண்ணும் கூலி குறைவின் மதிப்பைத் தாண்டிவிடும். எப்போதாவது ஒரு பெட்டியை எடுத்து நிறுத்துப் பார்த்தால் போதும்.

புதிய முறையின் முதல் மாதத்தில் ஆர்டர், ஜி.ஆர்.என்., இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாத பில்கள் திடீரென்று கூடின. மேலிடத்தில், ஸ்டோர்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று பேச்சு வந்தது. முன்பைவிட அதிகத் தப்பு நடக்கவில்லை. முன்பு நடந்தது இப்போது தெரிந்தது. சில மாதத்தில் சப்ளையர்கள் தங்கள் பக்கம் எண்ணி அனுப்பத் தொடங்கியதும் அப்படிப்பட்ட பில்கள் தானாகக் குறைந்தன.

பில் பாஸிங் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கம்பெனியில் போன மாதம் பாஸ் ஆன பில்களில், அளவு ஒரு கிலோகூடப் பிசகாமல் ஒத்துப்போன பத்தை எடுங்கள். ஒவ்வொன்றின் எடைச் சீட்டையும் தேடிப் பிடித்து ஜி.ஆர்.என்.-ஓடு வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்டோர்ஸுக்குப் போய், இந்த எண்ணை எந்தத் தாளைப் பார்த்து எழுதினீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.